கூரையைத் தொடாமல் அஸ்திவாரத்தைத் தாங்க முடியுமா?

பழைய கட்டடத்தின் அஸ்திவாரம் இறங்குகிறது என்று தெரிந்ததும், இடித்துக் கட்டிவிடலாம் என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. பைல் போட்டுத் தாங்கலாம் என்றாலோ, அதற்கான இயந்திரம் பல மீட்டர் உயரமானது. தரைக்கும் கூரைக்கும் இடையே இரண்டரை மீட்டரே உள்ள அறைக்குள் அது எப்படி நுழையும்?

இதற்கு 1952-இல் இத்தாலியப் பொறியாளர் ஃபெர்னாண்டோ லிட்ஸி வழி கண்டார். நேப்பிள்ஸ் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் அவர் அமைத்த பைல்கள் 10 செ.மீ. விட்டமும் 13 மீட்டர் நீளமும் கொண்டவை. மரத்தின் வேர் போல மண்ணைப் பற்றிக்கொள்வதால் அவற்றை 'வேர் பைல்' என்றார். இன்று மைக்ரோ பைல் என்கிறோம்.

இதில் இயந்திரம் சிறியது. துளையிடும் ராடும் ஒரு மீட்டர் துண்டுகளாகவே இருக்கும். பழைய அஸ்திவாரத்தையே துளைத்துக்கொண்டு கீழே இறங்குவார்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் நிறுத்தி அடுத்த ராடை மாட்டுவார்கள். மண் சரியும் இடத்தில் இரும்புக் குழாய் துணைக்குப் போகும். ஆழம் எட்டியதும், கம்பியையும் துண்டு துண்டாக கப்ளரால் இணைத்து இறக்குவார்கள். பிறகு கெட்டியான சிமென்ட் பாலை அடியிலிருந்து மேலாக நிரப்புவார்கள். கூரை தாழ்வாக இருந்தால் வேலை நின்றுவிடாது. இணைப்புகள் கூடுவதால் நாள்தான் அதிகமாகும்.

இவ்வளவு மெல்லிய பைல் சுமையைத் தாங்குவது அடிமுனையால் அல்ல, பக்கவாட்டு உராய்வால். ஓர் உதாரணம்: மேலே 2 மீட்டர் நிரப்பு மண், அதன் கீழ் 8 மீட்டர் நல்ல மண். பைலின் விட்டம் 15 செ.மீ. நல்ல மண்ணைத் தொடும் பரப்பு சுமார் 3.8 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 10 டன் பிடிமானம் என்று கொண்டால் மொத்தம் 38 டன். பாதுகாப்புக்காகப் பாதியை, அதாவது 19 டன்னை மட்டுமே நம்பலாம். மீட்டருக்கு 12 டன் சுமக்கும் சுவர் என்றால் ஒன்றரை மீட்டருக்கு ஒரு பைல் போதும். பிடிமானம் மண்ணுக்கு மண் மாறும். எனவே ஒரு பைலைச் சுமையேற்றிச் சோதித்த பிறகே மற்றவற்றைத் தொடங்க வேண்டும்.

வேலை நடக்கும்போது சிமென்ட் பாலின் அளவைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மேற்சொன்ன துளையின் கொள்ளளவு ஏறத்தாழ 180 லிட்டர். சற்றுக் கூடுதலாகச் செல்வது இயல்பு. இரண்டு மூன்று மடங்கு உள்ளே போனால் கீழே வெற்றிடம் இருக்கலாம், அல்லது துளையிட்ட தண்ணீர் மண்ணை அரித்திருக்கலாம். உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துளைகளை ஒரே நாளில் போடுவதும் கூடாது; முந்தைய சிமென்ட் இறுகும் முன் குலைந்துவிடும்.

பலவீனமான இடம், பைல் பழைய அஸ்திவாரத்தோடு சேரும் இடம்தான். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த கல் அஸ்திவாரத்தில் பைலைச் செருகினால், பைல் நிற்கும், சுவர் அதைச் சுற்றி வழுக்கி இறங்கும். அத்தகைய அஸ்திவாரத்துக்குள் முதலில் சிமென்ட் பால் செலுத்தி இறுக்க வேண்டும். அல்லது இருபுறமும் கான்கிரீட் பீம் போட்டுப் பிணைக்க வேண்டும்.

பைல் போட்ட பிறகும் சுவர் சில மில்லிமீட்டர் இறங்கலாம். அந்த அசைவில்தான் பைல் சுமையை ஏற்கத் தொடங்குகிறது. எனவே விரிசலை உடனே பூசி மறைக்காதீர்கள். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் புதிதாக ஒட்டுங்கள். மழைக்காலம் ஒன்று கடந்தும் புதிய கண்ணாடி உடையாமல் இருந்தால், பூச்சு வேலையைத் தொடங்கலாம்.