கண்ணைத் திறந்துகொண்டு கோடு போடுங்கள்

ஐலைனர் போடும்போது பெரும்பாலானவர்கள் ஒரு கண்ணை மூடி, இமையை விரலால் இழுத்துப் பிடித்து, முடியோரமாக ஒரு கோடு இழுப்பார்கள். மூடிய இமையில் கோடு அழகாகவே விழும். கண்ணைத் திறந்ததும் பாதி காணாமல் போயிருக்கும், அல்லது இமைக்கு மேலே இன்னொரு கருப்புக் கோடு அச்சுப்போல ஒட்டியிருக்கும். லைனர் மட்டம், கை நடுக்கம் என்று எதையெதையோ காரணம் சொல்வோம். பல நேரம் அது கண்ணின் அமைப்பு செய்கிற வேலை.

உங்கள் கண் எந்த வகை என்று தெரிந்துகொள்ள, பகல் வெளிச்சத்தில் கண்ணாடியை முகத்துக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். கீழே வைத்துக் குனிந்தோ, மேலே வைத்து அண்ணாந்தோ பார்த்தால் கணக்கு மாறிவிடும். புருவத்தையும் தூக்கக் கூடாது. கண்ணாடியைப் பார்த்தாலே நம்மை அறியாமல் புருவம் ஏறிவிடும் என்பதால், நெற்றியில் ஒரு கையை லேசாக வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. கருவிழிக்கு மேலேயோ கீழேயோ வெள்ளை தெரிந்தால் அது உருண்டைக் கண். புருவ எலும்புக்குக் கீழுள்ள தோல் சரிந்து வந்து இமை மடிப்பை மூடி, மேலிமை தெரியாமலோ கீற்றாக மட்டும் தெரிந்தோ இருந்தால், அதைத்தான் பார்லர்களில் ‘ஹூடட் ஐஸ்’ என்கிறார்கள். இரண்டும் இல்லாமல் முகத்தின் அளவுக்குக் கண் சிறிதாகத் தெரிந்தால் சின்னக் கண். ஒரே கண்ணில் இரண்டு வகையும் கலந்து இருக்கலாம். இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி இருப்பதும் சகஜம்.

உருண்டைக் கண்காரர்களுக்குக் கவலை குறைவு. நம் ஊர் வழக்கப்படி கண்ணுக்குள் மேலும் கீழும் அடர்த்தியாக மை தீட்டுவது அவர்களுக்கென்றே ஏற்பட்டது போலப் பொருந்தும். உள்விளிம்பு கருப்பானால் கண்ணின் உயரம் குறைந்து, நீளம் எடுத்துக்காட்டும். அவர்கள் தவிர்க்க வேண்டியது கருவிழிக்கு நேர் மேலே கோட்டைத் தடிமனாக்குவதை. அது உருண்டையை இன்னும் உருண்டையாக்கும். கனமெல்லாம் வெளி ஓரத்தில் இருந்து, கோடு மேலே ஏறாமல் பக்கவாட்டில் கொஞ்சம் நீண்டால் போதும்.

அதே மை சின்னக் கண்ணில் நேர் எதிராக வேலை செய்கிறது. கண் பெரிதாகத் தெரிவது அதற்குள் தெரியும் வெள்ளையால். சுற்றிலும் கருப்பு அடைத்தால் வெள்ளை சுருங்கும், கண்ணும் சுருங்கும். ‘மை போட்டால்தான் கண்ணே தெரியும்’ என்று பாட்டிகள் சொல்வதை இங்கே நான் ஏற்க மாட்டேன். கீழ் உள்விளிம்பை வெறுமனே விடுங்கள், அல்லது தோல் நிறப் பென்சிலை ஓட்டுங்கள். பளீர் வெள்ளை வேண்டாம், மாநிறத்தில் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். மேலே மெல்லிய கோடு, கீழே வெளி ஓரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் பழுப்புப் பென்சிலை முடிக்கு வெளியே போட்டு, பட்ஸால் கலைத்துவிட வேண்டும். கிட்டப்பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் இதையும் கவனிக்கலாம்: மைனஸ் பவர் கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும். பெரிய கண் உள்ளவர்களுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் இந்த முறைதான் பொருந்தும்.

மூடிய இமைதான் உண்மையில் தலைவலி. பிறவியிலேயே அப்படி இருப்பவர்கள் உண்டு. நாற்பதைத் தாண்டியபின் தோல் தளர்ந்து அப்படி ஆகிறவர்கள் இன்னும் அதிகம். இருபது வயதில் போட்ட கோடு இப்போது ஏன் நிற்பதில்லை என்ற கேள்விக்கு இதுதான் விடை.

என் பெரியம்மா மகள் விஷயம் அப்படித்தான். மகன் கல்யாண வரவேற்புக்குப் புறப்படும்போது திரவ லைனரில் தடித்த கோடு, வால் வைத்துப் போட்டிருந்தார். மண்டபத்துக்குப் போகுமுன்பே புருவத்துக்குக் கீழே கரி. “இது வாட்டர்ப்ரூஃப்னு சொல்லித்தான்டி வாங்கினேன்” என்றார். “அக்கா, தண்ணிக்குத்தான் அது தாங்கும். உங்க தோல் எண்ணெய் விடுது, கண் திறந்தா அந்தத் தோல் கோட்டு மேலயே உட்காருது” என்று சொல்லி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இமையில் கிரீம் எதுவும் இல்லாமல் டிஷ்யூவால் ஒற்றியபின், அரிசியளவு ப்ரைமர் தடவி, மேலே பவுடர். திரவ லைனருக்குப் பதில் ஜெல் பென்சில். முதல் வேலை, மேல் இமைமுடிகளின் வேர்களுக்கு இடையே புள்ளி புள்ளியாக வைத்து இடைவெளியை அடைப்பது. கோடு என்று தனியாகத் தெரியாது, ஆனால் முடி அடர்த்தியாகத் தெரியும். தெரிகிற இமையே ஒரு கீற்றுதான் என்னும்போது, அதன்மேல் தடித்த கோடு போட்டால் இருப்பதும் போய்விடும்.

வால் வரைய அக்காவைக் கண்ணாடிக்கு நேராகப் பார்க்கச் சொன்னேன். “புருவத்தைத் தூக்காதீங்க, சும்மா பாருங்க.” கீழிமையின் கோடு அப்படியே மேல்நோக்கித் தொடர்ந்தால் எங்கே போகுமோ, அந்தத் திசையில் அரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. கண்ணின் வெளி முனையிலிருந்து அதுவரை ஒரு கோடு. பிறகு அந்தப் புள்ளியிலிருந்து உள்நோக்கி, சரிந்த தோலின் மேலேயே நேராக இழுத்து, இமையில் தெரிகிற இடத்தில் சேர்த்தோம். இவ்வளவும் கண் திறந்தபடிதான். அதன்பின் கண்ணை மூடினால் மடிப்பு இருந்த இடம் மட்டும் வெறுமையாக, கோடு உடைந்து கிடக்கும். அதை நிரப்பிவிட வேண்டும். மூடிய கண்ணில் இப்போது தெரிவது வௌவால் இறக்கைபோல ஒடிந்த வடிவம். அதனால்தான் இதற்கு ‘பேட்விங்’ என்று பெயர். “என்னடி இது கோணலா இருக்கு?” என்று அக்கா பதறினார். திறந்ததும் நேராக நின்றது.

ஒட்டாமலிருக்க ஒரு வேலை பாக்கி. போட்டவுடன் நிமிர்ந்து பார்க்காமல் அரை நிமிடம் கீழே பார்த்து உலரவிட்டு, அதே நிற ஐஷேடோவைச் சின்னப் பிரஷ்ஷால் கோட்டின் மேல் ஒற்ற வேண்டும். கறை எங்கே படிகிறது என்பதே காரணத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். இமைக்கு மேலே என்றால் தோல் உரசுகிறது, ப்ரைமரையும் பவுடரையும் கவனியுங்கள். கண்ணுக்குக் கீழே என்றால் கீழ் உள்விளிம்பு மை உருகுகிறது அல்லது மஸ்காரா வழிகிறது.

வெளி முனையையே தோல் முழுக்க மூடியிருந்தால் வால் வேலைக்காகாது, சுருங்கிய தோலில் கோடு பல்பல்லாக உடையும். அவர்கள் முடி வேர்களை மட்டும் அடைத்து, வெளி ஓரத்தில் பழுப்பு நிறத்தைக் கலைத்துவிட்டால் போதும்.

கண்ணுக்குள் மை இடுவதில் எந்த வகைக் கண்ணுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகள் இமை விளிம்பில்தான் திறக்கின்றன. பென்சில் அவற்றை அடைக்கலாம். கண் உலர்வதும் உறுத்துவதும் இருந்தால், அல்லது கான்டாக்ட் லென்ஸ் போட்டால், கோட்டை முடிக்கு வெளியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்க இமை மட்டும் திடீரென்று தொங்கினால் அது லைனரால் சரிக்கட்டுகிற விஷயமல்ல. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.