தீ விபத்தும் இழப்பறிவிப்புக் கடிதமும்

தில்லியில் வாடகை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தின் சமையலறையில், வாணலியில் காய்ந்த எண்ணெய் தீப்பற்றியது. அக்குடும்பத் தலைவர் தம் வீட்டுப் பொருள்களுக்குக் காப்பீடு எடுத்திருந்தார். எனவே, அவர் காப்பீட்டு நிறுவனத்திற்கு உடனே கடிதம் எழுத வேண்டும். காப்பீட்டுப் பத்திர எண், வீட்டு முகவரி, தீப்பிடித்த நாள், நேரம், காரணம் ஆகியன கடிதத்தின் தொடக்கத்தில் இடம்பெறும்.

அடுத்து வருவது பொருள்பட்டியல். "சமையலறைப் பொருள்கள் எரிந்தன" என்று மட்டும் எழுதினால் இழப்பை மதிப்பிட இயலாது. "மிக்சி ஒன்று, 2021இல் ரூ.4,000க்கு வாங்கியது, மேற்பகுதி உருகிவிட்டது" என ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். கரிந்த சுவரும் சுவரோடு பொருத்திய மர அலமாரியும் வீட்டு உரிமையாளருடையவை. குடியிருப்பவரின் பட்டியலில் அவை சேரா. அவற்றின் சேதத்தை உரிமையாளருக்குத் தனியே தெரிவித்தல் வேண்டும்.

இழப்பு மதிப்பீட்டாளர் நேரில் பார்க்கும்வரை எரிந்த பொருள்களை எறிந்துவிடக் கூடாது. எறிந்துவிட்டால் இழப்பை மெய்ப்பிப்பது கடினம். ஆகவே, "சேதமடைந்த பொருள்கள் அப்படியே வைக்கப்பட்டுள்ளன, மதிப்பீட்டாளரை அனுப்புமாறு வேண்டுகிறேன்" என்று கடிதத்தை முடித்துக் கையொப்பமிடுவது முறை.