நடமாடும் நிமோனியாவும் அதற்கேற்ற மருந்தும்

நிமோனியா என்றவுடன், படுத்த படுக்கையாய் மூச்சுத் திணறிக் கிடக்கும் நோயாளியே நம் மனக்கண் முன் தோன்றுவார். எனினும் பள்ளிப் பிள்ளைகளிடமும் வாலிபப் பருவத்தினரிடமும் வேறொரு வகை நிமோனியா காணப்படுகிறது. அதனால் பீடிக்கப்பட்டவன் பள்ளிக்குப் போகிறான். மாலையில் பந்தும் ஆடுகிறான். ஆனால் இருமல் மட்டும் அவனை விடுவதில்லை. வைத்தியர்கள் இதனை ‘நடமாடும் நிமோனியா’ என்று அழைக்கின்றனர். இதற்குக் காரணம் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியே. யாவரும் அறிந்த பெனிசிலின் இந்நோயில் ஏன் தோற்கிறது, அதற்குப் பதில் எம்மருந்து எப்போது ஏற்றது என்பனவற்றை அங்கத்தினர்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

45 கிலோ எடையுள்ள 15 வயதுப் பையன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். முதலில் தலைவலி, தொண்டை வலி, 101 டிகிரி சுரம். நான்காம் நாள் வறட்டு இருமல் தொடங்குகிறது. இரவில் அது மிகுகிறது. ஆறாம் நாள் டாக்டர் அமாக்சிசிலின் கொடுக்கிறார். அது பெனிசிலின் குடும்பத்து மருந்து. மூன்று நாள் சென்றும் சுரம் தணியவில்லை. வீட்டார் வேறிடம் செல்ல, அமாக்சிசிலினுடன் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரை கிடைக்கிறது. அதுவும் பலிக்காமற் போகவே செபிக்சிம் தரப்படுகிறது. பன்னிரண்டாம் நாள் எடுத்த எக்ஸ்-ரே படத்தில் நுரையீரலின் கீழ்ப் பகுதியில் திட்டுத் திட்டாய் வெண்மை தெரிகிறது. படத்தைப் பார்த்தால் பையன் படுத்திருக்க வேண்டும். அவனோ நடந்தே வந்திருக்கிறான். விசாரித்ததில், மூன்று வாரங்களுக்கு முன் அவனுடைய தமக்கைக்கும் இதே போன்ற இருமல் இருந்ததாகத் தெரிகிறது.

இங்கு மூன்று மருந்துகள் மாறியதாகத் தோன்றினாலும், உண்மையில் மாறியது ஒன்றுமில்லை. பெரும்பாலான பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன. அச்சுவரின் இழைகளைப் பிணைக்கும் வேலையைப் பெனிசிலின் தடுத்துவிடுகிறது. சுவர் இளகிக் கிருமி வெடித்து மடிகிறது. செபிக்சிம் வேறு குடும்பத்து மருந்தெனினும், தாக்குவது அதே சுவரைத்தான். கிளாவுலனிக் அமிலமோ, சில கிருமிகள் பெனிசிலினை அழிக்கச் சுரக்கும் பொருளை அடக்குவதற்கென்றே சேர்க்கப்படுவது. மைக்கோபிளாஸ்மாவுக்கோ சுவரே கிடையாது. மெல்லிய சவ்வு ஒன்றே அதன் போர்வை. சுவரில்லாத இடத்தில் கொத்தனாரைத் தடுத்து நிறுத்துவதால் யாது பயன்? ஆகவே மாத்திரையின் அளவைக் கூட்டினாலும், அதே வகையை ஊசியாய்ப் போட்டாலும் பலன் ஒன்றே. விலை உயர்ந்த மருந்து வலுவுள்ள மருந்தாகவும் இருக்கும் என்று நினைத்துப் பணம் செலவழிப்போர் பலர். இந்நோயில் அந்த நினைப்பு முற்றும் பொருந்தாது.

இக்கிருமியின் சுவரின்மை ஆராய்ச்சியாளரையும் நெடுநாள் ஏமாற்றியது. 1944-இல் அமெரிக்காவில் ஈட்டன் என்பவர் நோயாளிகளின் சளியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தபோது, பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் நுண்ணிய வடிகட்டிகளின் வழியே இது புகுந்து சென்றது. ஆதலால் இதனை வைரஸ் என்றே கருதினர். 1962-இல் சானக், ஹேஃப்ளிக், பாரில் ஆகிய மூவர் உயிரணு கலவாத ஊட்டக் கூழில் இதனை வளர்த்துக் காட்டிய பின்னரே ஐயம் தீர்ந்தது.

சுவரைத் தாக்க இயலாதெனில் வேறெதைத் தாக்குவது? எவ்வுயிரும் புரதம் இல்லாமல் வாழ இயலாது. கிருமிக்குள் புரதத்தை நெய்து தரும் நுண்ணிய தறிகள் உண்டு. அவற்றை ரைபோசோம் என்பர். அசித்ரோமைசின் முதலிய மாக்ரோலைடு மருந்துகள், நெய்த பண்டம் வெளியேறும் வழியில் அமர்ந்து அடைத்துவிடுகின்றன. டாக்சிசைக்கிளினோ மறுபுறத்தில் அமர்ந்து, புதிய இழை உள்ளே வராமல் தடுக்கிறது. நாடாவுக்குத் தார் வராமற் போனாலும், நெய்த துணியைச் சுருட்ட வழியின்றிப் போனாலும், தறி நிற்பது நிச்சயமன்றோ? இரு மருந்துகளும் ஒரே தறியின் வெவ்வேறு இடங்களைப் பிடிப்பவை என்பதை மறவாதிருக்க வேண்டுகிறோம்; பின்னர் இது பயன்படும்.

அப்படியாயின் முதல் நாளிலேயே அசித்ரோமைசின் தரலாகாதா என்று கேட்கலாம். நம் பையனுக்கு முதலில் அமாக்சிசிலின் கொடுத்த டாக்டரைக் குறை கூறுவதற்கில்லை. நியூமோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் நிமோனியா விரைவில் உயிருக்கே ஆபத்தாகக் கூடியது. அதற்கு அமாக்சிசிலின் நல்ல மருந்து. திடீரென்று மிகுந்த சுரமும் குளிர் நடுக்கமும் நெஞ்சு வலியும் கண்டால் அதையே முதலில் எண்ண வேண்டும். மைக்கோபிளாஸ்மாவோ மெல்ல மெல்ல வருகிறது. அதைப் பெற்றவர் இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே நோயுறுவதால், வீட்டில் ஒருவர் பின் ஒருவராக இருமல் வருகிறது. பிழை மூன்றாம் நாளுக்குப் பிறகே நேர்ந்தது. 48 முதல் 72 மணி நேரத்தில் சுரம் தணியாதபோது, அதே வகையில் மற்றொன்றை நாடாது, சுவரைத் தாக்காத மருந்தை எண்ணியிருக்க வேண்டும். தொண்டைச் சளியை எடுத்துப் பி.சி.ஆர். முறையில் சோதித்தால் கிருமியை உறுதி செய்யலாம். அவ்வசதி எல்லா ஊரிலும் இல்லாமையால் வைத்தியர் பெரும்பாலும் அறிகுறிகளைக் கொண்டே முடிவு செய்கிறார்.

நம் பையனுக்கு வழக்கமான அளவு, முதல் நாள் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், அடுத்த நான்கு நாட்கள் நாளொன்றுக்கு 250 மில்லிகிராம். இதய மின்னோட்டக் கோளாறு உள்ளவருக்கும், இதயத் துடிப்பைப் பாதிக்கும் வேறு மருந்து உண்பவருக்கும் இது தகாமற் போகலாம். ஆதலின் கடையில் தாமே கேட்டு வாங்குவது சரியன்று.

இம்மருந்தும் தோற்பதுண்டு. மாக்ரோலைடு அமரும் இடத்தில் கிருமியின் அமைப்பில் ஓரெழுத்து மாறினாலே மருந்துக்குப் பிடிப்பு இல்லாமற் போகிறது. 2023-இல் சீன நாட்டுப் பிள்ளைகளிடையே மைக்கோபிளாஸ்மா நிமோனியா பெருகியபோது, இத்தகைய எதிர்ப்புக் கிருமிகளே அங்கு மிகுந்திருந்தன. டாக்சிசைக்கிளின் பிடிப்பது வேறோர் இடமாகையால் அந்த மாறுதல் அதனைத் தடுப்பதில்லை. எனவே அசித்ரோமைசின் தொடங்கி இரண்டு மூன்று நாட்களாகியும் சுரம் நிற்காவிடில், அல்லது எதிர்ப்புக் கிருமி மிகுந்த பகுதியாயின், வாலிபப் பருவத்தினருக்கு டாக்சிசைக்கிளின் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அளவு 100 மில்லிகிராம், காலை மாலை இருவேளை, சுமார் ஏழு நாட்கள். ஒரு தம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்து, அரை மணி நேரம் படுக்காமலிருக்க வேண்டும். இல்லையேல் உணவுக் குழாயில் புண் உண்டாகும். இரும்புச் சத்து மாத்திரையையும் பாலையும் இதனுடன் சேர்த்து உட்கொள்ளலாகாது. வெயிலில் தோல் எளிதில் கருகும். கர்ப்பிணிகளுக்கு இது ஏற்றதன்று. பற்கறை பற்றிய அச்சத்தால் எட்டு வயதுக்குட்பட்டோருக்கு முதலில் மாக்ரோலைடே கருதப்படுகிறது.

சரியான மருந்து சேர்ந்ததும் சுரம் இரண்டொரு நாளில் இறங்கும். இருமலோ உடனே நிற்காது. காற்றுக் குழாயின் உட்புறத்து மெல்லிய மயிர்களைக் கிருமி சிதைத்திருப்பதால், அவை மீளும் வரை மூன்று நான்கு வாரங்கள் கூட நீடிக்கலாம். அதைக் கண்டு மருந்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மூச்சு வேகமானாலும், உதடு நீலம் பூத்தாலும், விரல்மானியில் பிராணவாயு அளவு 92-க்குக் கீழே இறங்கினாலும், வாயிலும் கண்ணிலும் புண் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுடன் எடை குறைந்தாலோ இரத்தம் கலந்த சளி வந்தாலோ, காசநோய்க்காகச் சளிப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். மேலே சொன்ன மருந்துகளால் காசநோய் தீராது.