ஹோல்டில் ஒலிக்கும் அந்த இசை யாருடையது?

சிதம்பரத்திலிருந்து கடலூரில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு மாசத்துக்கு ரெண்டு தடவையாவது பேச வேண்டியிருக்கும். 'ஒரு நிமிஷம் இருங்க சார்' என்று சொல்லி ஹோல்டில் போட்டால், ஒரு சின்தசைசர் இசை ஓடும். பின்னணியில் டிரம் மெஷின், மேலே இழுத்து இழுத்துப் போகும் ஒரு மெட்டு. அது என்ன என்று கண்டுபிடிக்கலாமே என்று இறங்கினேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, இன்னொரு கைபேசியில் ஷசாம். ஒண்ணும் கிடைக்கல. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2002-ல் பிரிட்டனில் ஷசாம் தொடங்கியபோது அது செயலியே கிடையாது. 2580 என்ற எண்ணுக்கு அழைத்து, ஒலிக்கும் பாட்டின் பக்கம் போனை நீட்ட வேண்டும். தொலைபேசித் தரத்தில் வரும் இசையை அடையாளம் காணவே உருவான ஏற்பாடு அது. பிறகு ஏன் இங்கே தோற்றது?

காரணம், இசை என் காதுக்கு வரும் வழி. சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். மிருதங்கம் என்றால் தொப்பி பக்கத்து கும்கி பெரும்பாலும் போய்விடும், வலந்தலையும் மழுங்கிவிடும். ஆனாலும் மெட்டு தப்பிக்கும். கைபேசிதான் உண்மையான வில்லன். அதிலுள்ள ஏ.எம்.ஆர். கோடெக் ஒலியை அப்படியே அனுப்புவதில்லை. 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக எடுத்து, 'மனிதத் தொண்டை இதை எப்படி எழுப்பியிருக்கும்?' என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கைத்தான் அனுப்புகிறது. ஒரு நேரத்தில் ஒரு குரல் என்பது அதன் அனுமானம். நாலு சுரம் சேர்ந்து வந்தால் குழம்பிப்போய், தண்ணிக்குள்ள வாசிக்கிற மாதிரி ஆக்கிவிடும். ஷசாம் தேடுவதோ, எந்த நொடியில் எந்த அலைவரிசை உச்சத்தில் இருக்கிறது என்ற புள்ளிகளை. கோடெக் அந்தப் புள்ளிகளையே இடம் மாற்றிவிட்டால் என்ன செய்யும், பாவம்.

அதனால் லேண்ட்லைனில் அழைத்துப் பதிவு செய்தேன். இசை தெளிவாக வந்தது. இப்போது அடுத்த சுவர்: பேரைத் தெரிந்தவர் யாருமில்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு, 'அது போன்லயே வர்றது சார், நாங்க வைக்கல' என்றார் ஊழியர். யோசித்துப் பார்த்தால், அதுதான் எனக்குக் கிடைத்த முதல் நல்ல துப்பு. யாரும் தேர்ந்தெடுக்காத இசை என்றால், அது கருவியோடு வந்த இசை. ஆக, தேட வேண்டியது பாட்டை அல்ல, எக்ஸ்சேஞ்சை.

'மேசையில இருக்கிற போன் என்ன கம்பெனி?' என்று கேட்டேன். சிஸ்கோ. அந்தக் கம்பெனியின் கால்மேனேஜர் மென்பொருளில் இயல்பாக வரும் ஹோல்ட் இசைக் கோப்பின் பெயர் `SampleAudioSource.ALAW.wav` என்ற மாதிரி இருக்கும். பாட்டின் பேர், இசையமைத்தவர் பேர் எதுவும் அதில் கிடையாது. பேரே இல்லாத கோப்பை எந்தத் தேடுபொறியில் தேடுவது?

அந்த இசைக்கு 'ஓபஸ் நம்பர் 1' என்று பேர். டிம் கார்ல்டன் இசையமைக்க, அவர் நண்பர் டாரிக் டீல் உதவியோடு 1989-ல் ஒரு வீட்டு கராஜில் பதிவானது. இருவரும் அப்போது பள்ளி வயதுப் பையன்கள். டீல் பிற்பாடு சிஸ்கோவில் வேலைக்குச் சேர்ந்தார், அந்தப் பழைய பதிவு ஹோல்ட் இசையாக உள்ளே போனது. பல வருஷம் இதன் கதை வெளியே தெரியாது. 2014-ல் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்ற வானொலி நிகழ்ச்சி, இதே இசையில் மயங்கிய ஒரு பெரியவரின் தேடலைப் பின்தொடர்ந்தபோதுதான் பரவலாகத் தெரிய வந்தது.

கதை பொருந்துகிறது என்பதற்காக ஒத்துக்கொள்ள முடியாதே. பலரும் தப்பு செய்வது இங்கேதான்: தங்கள் மோசமான பதிவைச் சுத்தம் செய்து நல்ல பதிவோடு ஒப்பிடப் பார்ப்பார்கள். போன அலைவரிசை திரும்பி வராது. மாறாக, நல்ல பதிவைக் கெடுக்க வேண்டும்:

```
sox opus.wav -r 8000 -c 1 -e a-law test.wav sinc 300-3400
```

இப்படிக் கெடுத்ததையும் என் பதிவையும் ஆடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒரு டிரம் அடியை நேர்ப்படுத்தினேன். ஒரே ஓர் இடம் பொருந்துவது தற்செயலாகக்கூட நடக்கும். இரண்டு நிமிஷம் தள்ளியும் அடிகள் விலகாமல் நின்றால், அது அதே பதிவு. நின்றது.

அடுத்த முறை பேசும்போது ஊழியரிடம் முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அப்ப இதை மாத்த முடியுமா சார்? தினமும் கேட்டு தலை வலிக்குது' என்றார். முடியும், உங்க ஐ.டி. ஆளைக் கேளுங்க என்றேன். இன்னும் மாத்தலை.