மிகைகாண் வேறுபாடு பெரிய வேறுபாடா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புள்ளியியல்)

புள்ளியியல் செய்முறை ஏட்டில் நாம் அடிக்கடி எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு. "கணக்கிட்ட மதிப்பு அட்டவணை மதிப்பைவிட அதிகம், எனவே இன்மைக் கருதுகோள் மறுக்கப்படுகிறது, வேறுபாடு மிகைகாண் வேறுபாடு ஆகும்." இதை எழுதி அடியில் கோடு போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒருநாள் எங்கள் பேராசிரியர் அந்தக் கோட்டின் கீழே சிவப்பு மையால் ஒரே ஒரு சொல்லை எழுதித் தந்தார்: "எவ்வளவு?" அந்தக் கேள்விக்கு என் ஏட்டில் விடை இல்லை. அந்த விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

'மிகைகாண்' என்ற சொல்லே நம்மைச் சற்று ஏமாற்றக் கூடியது. 'மிகை' என்றதும் வேறுபாடு மிகப் பெரியது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் அச்சொல் கூறுவது அதுவன்று. "இந்த வேறுபாடு வெறும் தற்செயலால் ஏற்பட்டிருக்கும் என்று சொல்வது கடினம்" என்பது மட்டுமே அதன் பொருள். வேறுபாடு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கான விடையை 'விளைவின் அளவு' என்பர். இவ்விரண்டும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு ஒரு பழைய கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை லாப்லாஸ், பாரிஸ் நகரில் 1745 முதல் 1770 வரை பதிவான பிறப்புகளை ஆராய்ந்தார். ஆண் குழந்தைகள் 2,51,527. பெண் குழந்தைகள் 2,41,945. மொத்தம் 4,93,472. ஆணும் பெண்ணும் சம வாய்ப்புடன் பிறக்கின்றனர் என்பதே நமது இன்மைக் கருதுகோள் என்று கொள்வோம். அப்படியானால் ஆண் குழந்தைகள் 2,46,736 ஆக இருக்க வேண்டும். இருந்ததோ அதைவிட 4,791 அதிகம்.

இந்த 4,791 தற்செயலாக வரக்கூடியதா? நாணயத்தைச் சுண்டுவது போன்ற சம வாய்ப்புச் சோதனையில் திட்ட விலக்கம், மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி. 4,93,472இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 702.5. அதில் பாதி 351. ஆகவே நம் வேறுபாடு திட்ட விலக்கத்தைப் போல் 4,791 ÷ 351, அதாவது 13.6 மடங்கு. 5 சதவீத மிகைகாண் நிலைக்கு 1.96 மடங்கே போதும் என்பதை நாம் அறிவோம். லாப்லாஸ் தம் முறையில் கணக்கிட்டு, ஆண் பிறப்பின் நிகழ்தகவு பாதியோ அதற்குக் குறைவோ ஆக இருப்பதற்கான வாய்ப்பு தசமப் புள்ளிக்குப் பின் 41 சுழிகள் இட்டு எழுத வேண்டிய அளவுக்குச் சிறியது என்று கண்டார். இதைவிட உறுதியான முடிவை நம் செய்முறை ஏட்டில் நாம் ஒருநாளும் பெறப் போவதில்லை.

இப்போது பேராசிரியரின் கேள்வியைக் கேட்போம். எவ்வளவு? 2,51,527ஐ 4,93,472ஆல் வகுத்தால் 0.5097. நூறு குழந்தைகளில் ஆண் 51, பெண் 49. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அண்ணி கருவுற்றிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி என்னிடம், "நீதான் பெரிய கணக்கெல்லாம் படிக்கிறியே, என்ன கொழந்த பொறக்கும்னு சொல்லு பாப்போம்" என்றார். 41 சுழிகள் கொண்ட உறுதி என் கையில் இருந்தும் பயன் இல்லை. எப்போதும் 'ஆண்' என்றே சொல்லி வந்தாலும் நூற்றுக்கு 51 தடவைதான் சரியாகும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 50 தடவை சரியாகும். "தெரியாது பாட்டி" என்றேன். "அப்புறம் என்ன படிக்கிற?" என்றார். கேள்வி நியாயமானதே.

இவ்வளவு சிறிய வேறுபாடு அவ்வளவு பெரிய மிகைகாண் மதிப்பைத் தந்தது எப்படி? விடை எண்ணிக்கையில் இருக்கிறது. நூற்றுக்கு 51 என்ற விகிதத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, குழந்தைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பார்ப்போம். 100 குழந்தைகள் என்றால் பாதிக்கு மேல் 1 குழந்தை அதிகம், திட்ட விலக்கம் 5, விகிதம் 0.2. தற்செயலின் இரைச்சலில் அந்த ஒரு குழந்தை காணாமற் போய்விடும். 10,000 குழந்தைகள் என்றால் அதிகம் 100, திட்ட விலக்கம் 50, விகிதம் 2. இப்போது மிகைகாண் எல்லையைத் தாண்டிவிட்டோம். 10 லட்சம் குழந்தைகள் என்றால் அதிகம் 10,000, திட்ட விலக்கம் 500, விகிதம் 20. வேறுபாடு எண்ணிக்கையோடு நேராக வளர்கிறது; தற்செயலின் ஆட்டமோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடுதான் வளர்கிறது. ஆதலால் வேறுபாடு முற்றிலும் சுழியாக இல்லாத வரையில், அது எவ்வளவு சிறியதாயினும், போதிய அளவு எண்ணிக்கையைச் சேர்த்தால் ஒருநாள் எல்லையைத் தாண்டியே தீரும். சோதனையின் மதிப்பு உயர்வது வேறுபாடு பெரிது என்பதனால் மட்டும் அன்று. நாம் நெடுநேரம் எண்ணினோம் என்பதனாலும் ஆகலாம்.

இக்காலத்தில் கணிப்பொறிகள் லட்சக்கணக்கான மனிதரை நொடியில் எண்ணிவிடுகின்றன. 2012 ஜனவரியில் ஒரு வார காலம் பேஸ்புக் நிறுவனம் 6,89,003 பயனாளர்களிடம் ஒரு சோதனை நடத்தியது. முடிவுகள் 2014இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு நண்பர்களின் மகிழ்ச்சியான பதிவுகள் குறைத்துக் காட்டப்பட்டன. அவர்கள் தாமும் மகிழ்ச்சிச் சொற்களைக் குறைத்து எழுதுகின்றனரா என்று பார்க்கப்பட்டது. பயனாளர்களின் ஒப்புதலைத் தனியே பெறாமல் அவர்கள் மனத்தோடு விளையாடலாமா என்று அப்போது பெரிய கண்டனம் எழுந்தது. நாம் இங்கே எண்ணை மட்டும் பார்ப்போம். t மதிப்பு 5.63, ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைந்த நிகழ்தகவு, ஐயமின்றி மிகைகாண் வேறுபாடு. எவ்வளவு? ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ ஒரு மகிழ்ச்சிச் சொல் குறைந்தது.

இரு பிரிவுகளின் சராசரிகளை ஒப்பிடும்போது, சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்து விளைவின் அளவைக் காண்பர். இதை d என்று குறிப்பர். அமெரிக்க உளவியலறிஞர் ஜேக்கப் கோஹன், 0.2 சிறியது, 0.5 நடுத்தரமானது, 0.8 பெரியது என்று ஒரு தோராயமான அளவுகோல் தந்தார். மேற்கண்ட சோதனையில் d = 0.02, 'சிறியது' என்பதிலும் பத்தில் ஒரு பங்கு. பிரிவுக்கு n பேர் என்றால்

t = d × √(n/2)

பிரிவுக்கு ஏறத்தாழ 1,55,000 பேர் இருந்தனர். அதில் பாதியின் வர்க்கமூலம் 278, அதை 0.02ஆல் பெருக்கினால் 5.6. வெளியிடப்பட்ட மதிப்புக்கு மிக அருகில் வந்துவிட்டோம். இதே விளைவைப் பிரிவுக்கு 100 மாணவர்களைக் கொண்டு நம் கல்லூரியில் தேடியிருந்தால் t மதிப்பு சுமார் 0.14தான் வந்திருக்கும், "வேறுபாடு இல்லை" என்று எழுதிக் கோடு போட்டிருப்போம். இரண்டு இடத்திலும் மனித மனம் ஒன்றே. மாறியது n மட்டும்.

அப்படியானால் என்ன எழுதுவது? விளைவின் அளவையும், அதன் நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்து எழுதுவதே முறை. பாரிஸ் கணக்கில், "ஆண் பிறப்பு 50.97 சதவீதம்; 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 50.83 முதல் 51.11 வரை" என்று எழுதினால், படிப்பவருக்கு இரு செய்திகளும் ஒரே வரியில் கிட்டும். இடைவெளிக்குள் 50 இல்லை; ஆகவே வேறுபாடு உண்டு. இடைவெளி முழுவதும் 51ஐ ஒட்டியே உள்ளது. ஆகவே வேறுபாடு சிறியது.

இதனால் சிறிய வேறுபாடுகளை எல்லாம் தள்ளிவிடலாம் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. லாப்லாஸின் கதையில் இன்னொரு பகுதி உண்டு. பிரான்சின் பிற பகுதிகளில் ஆண், பெண் பிறப்பு விகிதம் 22க்கு 21 போல இருக்க, பாரிஸில் மட்டும் 25க்கு 24 ஆக இருப்பதை அவர் கவனித்தார். சதவீதத்தில் சொன்னால் 51.16க்கும் 51.02க்கும் உள்ள வேறுபாடு. நூற்றில் ஒன்றுகூட இல்லை. எனினும் அவர் காரணம் தேடினார். பாரிஸ் பதிவேட்டில் அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்ட குழந்தைகளும் சேர்ந்திருந்தனர். சுற்றுப்புறத்துப் பெற்றோர் ஆண் குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு, பெண் குழந்தையை அந்த இல்லத்துக்கு அனுப்பும் வழக்கமே பாரிஸின் விகிதத்தைச் சற்றுச் சமமாக்கிக் காட்டியது என்று அவர் விளக்கினார். பாரிஸ் காற்றிலோ நீரிலோ எந்த அதிசயமும் இல்லை. மிகைகாண் சோதனை "தற்செயல் அன்று" என்றது. "இதுதான் காரணம்" என்று அது சொல்லவில்லை. பதிவேடு எப்படி உருவானது என்று பார்க்கச் சென்றவருக்கே காரணம் கிடைத்தது. எண்ணிக்கை பெருகப் பெருகத் தற்செயல் குறையும். பதிவேட்டின் கோணல் குறையாது.

1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்ட மாநிலத்தில் வாழும் நமக்கு, அந்தப் பெற்றோரின் கதையை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு லட்சம் பிறப்புகளில் பெண்களின் பங்கு ஒரே ஒரு சதவீதம் குறைந்தால், அது ஆயிரம் பெண் குழந்தைகள். பாட்டியின் கேள்விக்கு அந்த ஒரு சதவீதம் உதவாது. ஆனால் ஒரு மாவட்டத்தின் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டும் அலுவலர் அதைச் சிறிது என்று மூடிவைக்க முடியாது. விளைவின் அளவு சிறிதா பெரிதா என்பதை அட்டவணை சொல்லாது. எதற்காகக் கேட்கிறோம், யாருக்காகக் கேட்கிறோம் என்பதைக் கொண்டே அது முடிவாகும்.

இப்போதெல்லாம் என் செய்முறை ஏட்டில் "மிகைகாண் வேறுபாடு" என்று எழுதியபின் உடனே கோடு போடுவதில்லை. அடுத்த வரியில் எவ்வளவு என்று எழுதிவிட்டுத்தான் போடுகிறேன். அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாட்டிதான் முதலில் சர்க்கரை வாங்கி வந்து தெருவெல்லாம் கொடுத்தார்.