புதுப் பள்ளியில் இடைவேளையைக் கவனியுங்கள்

அப்பாவுக்கு மாற்றல் வருகிறது. தென்காசியிலிருந்து கோவைக்குக் குடிபெயர வேண்டும். மகள் ஐந்தாம் வகுப்பு. வீடு பார்ப்பது, கேஸ் இணைப்பை மாற்றுவது என்ற பரபரப்பில் அவளைப் பற்றி வீட்டில் பேசப்படுவது பெரும்பாலும் இரண்டே விஷயம்தான்: எந்தப் பள்ளி, பாடம் பிடிபடுமா? ஆனால் அங்கே சேர்ந்த முதல் சில வாரங்களில் அவளை வாட்டப்போவது கணக்கோ அறிவியலோ இல்லை. காலை இடைவேளை மணி அடித்ததும் எங்கே போய் நிற்பது, மதியம் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான். வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் இருக்கிறார், உட்கார ஓர் இடம் இருக்கிறது. மணி அடித்துவிட்டால் எல்லோருக்கும் ஒரு கூட்டம் உண்டு, புதுப் பிள்ளைக்கு மட்டும் இல்லை. பெற்றோர் உதவ வேண்டியது முக்கியமாக இந்த நேரத்துக்குத்தான்.

முதலில் காகித வேலை. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் மாறும்போது டிசி கையில் இருந்தால் மட்டும் போதாது. பழைய பள்ளி, குழந்தையின் எமிஸ் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் கணக்கில் அவளைச் சேர்த்துக்கொள்ள முடியும். ஊரை விட்டுக் கிளம்புமுன் தலைமை ஆசிரியரிடம் இதைக் கேட்டு முடித்துவிடுங்கள். டிசி தாமதமானாலும் கவலை வேண்டாம். அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் சேருங்கள். இரண்டாம் பருவப் புத்தகம் அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் புதிது.

சேருவதற்கு முன் ஒரு நாள் குழந்தையைப் பள்ளிக்குள் அழைத்துப்போய் நடக்க வையுங்கள். அலுவலக அறையோடு திரும்பிவிடாதீர்கள். வகுப்பு எந்த மாடி, தண்ணீர்க் குழாய் எங்கே, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சாயந்திரம் வேன் எந்த வாசலில் நிற்கும் என்பதையெல்லாம் அவள் கண்ணால் பார்க்கட்டும். கழிவறையைக் கட்டாயம் காட்டுங்கள். கதவுத் தாழ்ப்பாள் விழுகிறதா, பாட நேரத்தில் போக எப்படி அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புது இடத்தில் கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. வீட்டுக்கு வந்ததும் பையை வீசிவிட்டு நேரே பாத்ரூமுக்கு ஓடினால், தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பினால், காரணம் அதுதானா என்று கேளுங்கள். நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் இதிலிருந்து வரும்.

வகுப்பாசிரியரிடம் பேசும்போது, “கொஞ்சம் பாத்துக்கோங்க டீச்சர்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். அறுபது தலைகளுக்கு நடுவே அது மறந்துபோகும். “ரெண்டு வாரத்துக்கு இவளை யார் பக்கத்துலயாவது சாப்பிட உக்கார வைங்க டீச்சர். தண்ணி குடிக்கப் போறப்ப அந்தப் பொண்ணு இவளையும் கூப்பிட்டுக்கட்டும்” என்று கேளுங்கள். செய்யக்கூடிய வேலையாகக் கேட்டால் ஆசிரியர் அன்றே செய்துவிடுவார். உங்கள் தெருவிலிருந்தோ அதே வேனிலோ வரும் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையை வீட்டுக்கு விளையாடக் கூப்பிடலாம். பத்துப் பேரோடு பழக வேண்டும் என்று முதல் மாதத்தில் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு துணை கிடைத்தால் இடைவேளை பயம் பாதியாகிவிடும்.

சாப்பாட்டு டப்பா அவளே திறக்கக்கூடியதாக இருக்கட்டும். அதில் இரண்டு முறுக்கோ நான்கு துண்டு கொய்யாவோ கூடுதலாக வையுங்கள். “வேணுமா?” என்று நீட்ட ஒன்று கையில் இருந்தால், என்ன பேசுவது என்று தெரியாத பிள்ளைக்கும் பேச்சு தொடங்கும்.

பேச்சு வழக்கும் ஒரு சங்கடம். தென்காசிப் பிள்ளை “இங்கன வச்சிருக்கேன்” என்றால் கோவைப் பிள்ளைகள் சிரிக்கலாம். உடனே அவள் பேச்சைத் திருத்தக் கிளம்பாதீர்கள். “எங்க ஊர்ல இப்படித்தான் சொல்லுவோம், நீங்க எப்படிச் சொல்லுவீங்க?” என்று சிரித்தபடி திருப்பிக் கேட்க வீட்டிலேயே இரண்டு மூன்று தடவை பேசிப் பழக்குங்கள். அதன் பிறகும் தினமும் சீண்டல் தொடர்ந்தால், யார் என்ன சொன்னார்கள், எந்த நாள் என்று குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள்.

மாலையில் வந்ததும் வராததுமாக “ஸ்கூல் எப்படி இருந்துச்சு?” என்றால் “நல்லாருந்துச்சு” என்ற ஒரே பதில்தான் வரும். சாப்பிட்டு, சற்று விளையாடிய பின் சின்னதாகக் கேளுங்கள். “இன்னிக்கு சாப்பிடறப்ப பக்கத்துல யாரு?” “இன்டர்வெல்ல என்ன விளையாடுனாங்க?” ஒரு வாரமாகியும் பக்கத்தில் யார் என்பதற்கு ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் அவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். மறுபடி ஆசிரியரைப் பார்க்கும் நேரம் அது.

பல பெற்றோர் ஏமாறுவது இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். முதல் வாரம் புதுச் சீருடை, புதுப் பை என்று உற்சாகமாகப் போகிறாள், பழகிவிட்டாள் என்று நாம் நிம்மதியாகிறோம். அதன் பிறகுதான், பழைய தோழிகள் இனி இல்லை என்பது அவளுக்கு உறைக்கிறது. திங்கட்கிழமை காலை வயிறு வலிக்கிறது என்கிறாள். அந்த வலி நிஜம். பயத்தில் குடல் இறுகினால் வலிக்கத்தான் செய்யும், ஆகவே “நடிக்காதே” என்று சொல்லிவிடாதீர்கள். காய்ச்சல், வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வலது அடிவயிற்றில் ஒரே இடத்தில் வலி, எடை குறைதல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். இவை எதுவும் இல்லாமல், வேன் போனதும் வலி குறைந்து, சனி ஞாயிறில் தலைகாட்டாமல் இருந்தால் அது பெரும்பாலும் பள்ளி பயம்.

அப்போது, “வலிக்குதுன்னு தெரியுது. போயிட்டு வா, சாயந்திரம் வாசல்ல நிப்பேன்” என்று சொல்லி அனுப்புவதே நல்லது. வாசலில் விடைபெறுவதைச் சுருக்கமாக முடியுங்கள், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். இரக்கப்பட்டு வீட்டில் நிறுத்தினால் அன்றைக்கு வலி போகும், ஆனால் மறுநாள் வாசற்படி தாண்டுவது இன்னும் கடினமாகும். நிறுத்தியே ஆக வேண்டிய நாளில் டிவி, மொபைல் வேண்டாம். பழைய தோழியோடு வாரம் ஒருமுறை போனில் பேசட்டும், அதைத் தடுக்காதீர்கள். பெரியவர்களும் “இந்த ஊருக்கு ஏன்தான் வந்தோமோ” என்று அவள் காதுபடப் புலம்ப வேண்டாம்.

இப்படியே ஒன்றிரண்டு மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பொருந்திவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பள்ளிக்குப் போகவே மறுத்தால், விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், செத்துப்போகலாம் என்ற மாதிரி ஏதாவது பேசினால் காத்திருக்காதீர்கள். குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, பள்ளிக் கல்வித் துறை உதவிக்கு 14417, குழந்தைகள் உதவிக்கு 1098. மூன்றுக்கும் கட்டணம் இல்லை.