நாள் கணக்கும் மணிக் கணக்கும்

கல்லூரிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் எந்த வேலையை நாடுவது, அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்று தீர்மானிப்பதற்குத் துணை செய்வது என் தொழில். ஒரே சந்திப்பில் முடியும் காரியமன்று அது. ஆதலின் நான்கு அமர்வுகளை ஒரு தொகுப்பாக அமைத்து, கட்டணத்தை முன்னதாகவே பெற்றுக்கொள்கிறேன். பணம் வந்த அன்றே மாணவருக்கு ஓர் உறுதிக் கடிதம் மின்னஞ்சலில் செல்லும். அமர்வுகளின் தேதிகள், ரத்துச் செய்வதற்குரிய கெடு, இரண்டு அமர்வுகளுக்கு இடையே மாணவர் செய்துவர வேண்டிய பணி ஆகிய மூன்றுமே அதில் இருக்கும். இத்துணை எளிய கடிதத்தை நான் ஒருமுறை பிழையாக எழுதிவிட்டேன். அந்தப் பிழையைப் பற்றியதே இப்பேச்சு.

2025-ஆம் ஆண்டில் வணிகவியல் பட்டம் பெற்ற மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். மாலை வேளைகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்திலிருந்து 6,000 ரூபாய் கட்டினார். ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்பது கணக்கு. முதல் அமர்வை ஜூன் 7 அன்று வைக்க எண்ணினேன். நாட்காட்டியைப் பார்த்தபோது அன்று பக்ரீத் என்று தெரிந்தது. ஆகவே ஜூன் 14, 28, ஜூலை 12, 26 ஆகிய நான்கு சனிக்கிழமைகளில், காலை 10 மணிக்கு என்று குறித்தேன். இடையில் இரண்டு வாரம் விடுவதற்குக் காரணம் உண்டு. மாணவர் செய்யவேண்டிய பணி, பெரும்பாலும் பிறரைச் சென்று கண்டு பேசுவது. பிறருடைய ஓய்வு நேரத்துக்குக் காத்திருக்க ஒரு வாரம் போதாது. மூன்று வாரம் விட்டாலோ, முன்பு பேசியது நினைவிலிருந்து நழுவிவிடும்.

முதல் அமர்வு நன்றாகவே நடந்தது. தணிக்கை அலுவலகங்களில் பணிபுரியும் இருவரைச் சந்தித்து, அவர்களுடைய ஒரு நாள் வேலை எவ்வாறு கழிகிறது என்று கேட்டு எழுதி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் எனக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருக்குக் கொடுத்த பணி. ஒருவரைச் சந்தித்துவிட்டார். மற்றவர் ஜூன் 26, வியாழன் பிற்பகலில் வரச்சொல்லியிருந்து, கடைசி நேரத்தில் ஒத்திப்போட்டுவிட்டார். வெறுங்கையுடன் வர நாணி, அன்று மாலை 6 மணிக்கு அமர்வை மாற்றித் தரும்படி மாணவி எழுதினார்.

என் கடிதத்தில், “இரண்டு நாட்களுக்கு முன் தெரிவிக்க வேண்டும், இல்லையேல் அமர்வு நடந்ததாகவே கொள்ளப்படும்” என்று இருந்தது. நான் மனத்தில் கொண்டது 48 மணி நேரம். சனி காலை 10 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கெடு வியாழன் காலை 10 மணியோடு முடிகிறது. மாணவி 8 மணி நேரம் பிந்திவிட்டார். அவரோ வியாழன் ஒரு நாள், வெள்ளி ஒரு நாள், ஆக இரண்டு நாட்கள் என்று எண்ணியிருந்தார். அச்சொற்களுக்கு இரு பொருளும் பொருந்தும் அல்லவா? ஒப்பந்தத்தில் ஐயத்துக்கு இடமான சொல் இருந்தால், அதனை எழுதியவருக்குப் பாதகமாகவே பொருள் கொள்வது சட்டத்திலும் உள்ள ஒரு மரபு. எழுதியவன் நான். ஆதலின் 1,500 ரூபாயை அவர் இழக்கவில்லை. அமர்வு ஜூலை 5-க்கு மாறிற்று. பின்னிரண்டும் ஜூலை 19, ஆகஸ்டு 2 என நகர்ந்தன.

ஆயினும் கடிதத்தில் அதைவிடப் பெரிய பிழை ஒன்று ஒளிந்திருந்ததைப் பிறகே கண்டேன். ரத்துக்கு உரிய நேரம் வியாழன் காலையோடு முடிய, பணியை அனுப்ப வேண்டிய நேரம் வெள்ளி மாலை என்று வைத்திருந்தேன். பணி முடியவில்லை என்பது தெரிய வரும்போது, அமர்வை மாற்றும் உரிமை போய்விட்டிருக்கும்! கெடுவை நான் கேட்பது, விடப்படும் நேரத்தை வேறொரு மாணவருக்குக் கொடுப்பதற்காக. அதற்கு இரண்டு முழு நாள் வேண்டும்; அதைக் குறைக்க இயலாது. ஆகவே பணிக்குரிய நேரத்தையே முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

புதிய கடிதத்தில் இவ்வாறு எழுதினேன்: “இரண்டாம் அமர்வு, ஜூலை 5, சனி, காலை 10 மணி. பணி வந்துசேர வேண்டிய நேரம், ஜூலை 2, புதன், மாலை 6 மணி. அமர்வை மாற்றக் கடைசி நேரம், ஜூலை 3, வியாழன், காலை 10 மணி. நான் அமர்வை ரத்துச் செய்ய நேர்ந்தால், எந்த நேரத்தில் செய்தாலும் அது கணக்கில் சேராது.” மற்ற அமர்வுகளுக்கும் இவ்வண்ணமே கிழமையும் மணியும் தனித்தனியே குறித்தேன். புதன் மாலை பணி வராவிடில், மாற்றுவதா, உள்ளதைக் கொண்டு நடத்துவதா என்று பேசி முடிவு செய்ய ஓர் இரவு மிஞ்சுகிறது.

“சரி” என்ற ஒற்றைச் சொல்லை மறுமொழியாக ஏற்பதையும் அன்றோடு விட்டேன். அதைக் கொண்டு, கடிதத்தை ஒருவர் படித்தாரா என்று அறிய முடியாது. அடுத்த அமர்வை மாற்றக் கடைசி நேரம் எது என்பதை மாணவர் தம் கையால் எழுதி அனுப்ப வேண்டும் என்கிறேன். அந்த மாணவி, “ஜூலை 3, வியாழன், காலை 10 மணி” என்று எழுதிவிட்டு, கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: “நான் 9.50-க்கு அனுப்பி, நீங்கள் 10.30-க்குப் பார்த்தால், எந்த நேரம் கணக்கு?” நான் அதை எண்ணிப் பார்க்கவே இல்லை. அனுப்பிய நேரமே கணக்கு என்று மறுமொழி எழுதி, கடிதத்திலும் அந்த வரியைச் சேர்த்துக்கொண்டேன்.